மூன்றா, நான்கா, ஆறா? எண்பதில் இருபது பந்து எடுக்கும் விளையாட்டில் எதைத் தெரிவது

திருகோணமலையில் ஆவணி மாதத்தில் மைதானக் களியாட்ட விழா நடத்தும் விளையாட்டுக் கழகம் ஒன்று, இந்த முறை கீனோ வகை விளையாட்டொன்றைச் சேர்க்க விரும்புகிறது. 1 முதல் 80 வரை இலக்கமிட்ட பந்துகளிலிருந்து 20 பந்துகள் எடுக்கப்படும். சீட்டு வாங்கியவர் முன்கூட்டியே குறித்துக் கொடுத்த இலக்கங்களில் எத்தனை வந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துப் பரிசு கிடைக்கும். உரிய அனுமதி பெற்றாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். செயற்குழுவில் எஞ்சியிருந்த விவாதம் ஒன்றுதான்: ஒரு சீட்டில் எத்தனை இலக்கங்களைத் தெரியச் சொல்வது? மூன்று என்றனர் சிலர், நான்கு என்றனர் சிலர், பெரிய பரிசொன்றை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும் என்று விரும்பியவர்கள் ஆறு என்றனர். பத்து என்ற யோசனையும் எழுந்தது. அதை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்திலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் பலரும் வழுக்கும் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

எண்பதில் இருபது என்றால் நான்கில் ஒன்று. ஆகவே ஓர் இலக்கம் வரும் நிகழ்தகவு நான்கில் ஒன்று என்பது சரி. பத்து இலக்கங்களும் வருவதற்கு நான்கில் ஒன்றைப் பத்து முறை பெருக்கினால் ஏறத்தாழ பத்தரை இலட்சத்தில் ஒன்று என்று விடை வரும். இது தவறு. எடுத்த பந்து பைக்குள் திரும்பிப் போவதில்லை. ஆகவே உங்கள் முதல் இலக்கம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, இரண்டாவது இலக்கத்துக்காக மிஞ்சியிருப்பவை 79 இலக்கங்களில் 19 இடங்களே. மூன்றாவதற்கு 78இல் 18. இப்படிக் கீழிறங்கிப் பத்தாவது இலக்கத்துக்கு வரும்போது 71இல் 11 என்றாகிவிடுகிறது, அதாவது நான்கில் ஒன்று அல்ல, ஏழில் ஒன்றைவிடச் சற்றே கூட. இந்தப் பத்துப் பின்னங்களையும் பெருக்கினால் கிடைப்பது சுமார் 89 இலட்சத்து 11 ஆயிரத்தில் ஒன்று. பத்தரை இலட்சம் என்று நம்பிப் பரிசு நிர்ணயித்தவர், சீட்டு வாங்கியவருக்கு எட்டு மடங்குக்கும் மேல் குறைத்துக் கொடுத்தவராகிறார்.

ஒரே இரவில் ஆயிரம் சீட்டு விற்கும் இடத்தில் 89 இலட்சத்தில் ஒன்று என்பதற்கு நடைமுறைப் பொருள் எதுவுமில்லை. யாருக்கும் கிடைக்காத பரிசைப் பலகையில் எழுதி வைப்பது நேர்மையும் ஆகாது. பத்து இலக்க விளையாட்டில் வேடிக்கையான ஒரு குணம் உண்டு என்பதை மட்டும் குறித்துச் செல்கிறேன். பத்தில் ஒன்றுகூட வராமல் போகும் நிகழ்தகவு சுமார் 22இல் ஒன்று. பத்தில் சரியாக ஐந்து வரும் நிகழ்தகவு சுமார் 19இல் ஒன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு அரிதானவை. சில நாடுகளின் கீனோக்களில் "ஒன்றும் வரவில்லை" என்பதற்கும் பரிசு கொடுப்பது இரக்கத்தினால் அல்ல, இந்தக் கணக்கினால்தான்.

இனி மூன்று, நான்கு, ஆறு. நான்கு இலக்கங்களும் வருவதற்கான கணக்கை முழுதாகக் காட்டிவிடுகிறேன். மற்றவை இதே முறைதான்.

```
20/80 × 19/79 × 18/78 × 17/77 = 4845 / 1581580
```

இது 326இல் ஒன்று. நான்கில் மூன்று மட்டும் வருவதற்குச் சேர்மானங்களை எண்ண வேண்டும். வந்த இருபதிலிருந்து மூன்றைத் தெரியும் வழிகள் 1140, வராத அறுபதிலிருந்து ஒன்றைத் தெரியும் வழிகள் 60, பெருக்கினால் 68,400. எண்பதிலிருந்து நான்கைத் தெரியும் மொத்த வழிகளான 15,81,580ஆல் வகுத்தால் 23இல் ஒன்று என வருகிறது. க.பொ.த. உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளை ஒருவரால் பத்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய அட்டவணை இது. மூன்று இலக்க விளையாட்டில் மூன்றும் வருவது 72இல் ஒன்று, இரண்டு வருவது ஏறத்தாழ ஏழில் ஒன்று. ஆறு இலக்க விளையாட்டில் ஆறும் வருவது 7,753இல் ஒன்று, ஐந்து வருவது 323இல் ஒன்று, நான்கு வருவது 35இல் ஒன்று, மூன்று வருவது ஏறத்தாழ எட்டில் ஒன்று.

நிகழ்தகவை மட்டும் வைத்து மூன்றையும் ஒப்பிட முடியாது. பரிசுப் பட்டியலும் வேண்டும். நியாயமான ஒப்பீடாக அமைய, சீட்டு ஒன்றின் விலை 100 ரூபா என்றும், மூன்று விளையாட்டுகளிலும் சராசரியாகச் சீட்டொன்றுக்கு ஏறத்தாழ 55 ரூபா பரிசாகத் திரும்பிப் போகும் என்றும் பட்டியல்களை அமைத்தேன். மூன்று இலக்கத்துக்கு: இரண்டு வந்தால் 200 ரூபா, மூன்றும் வந்தால் 2,000 ரூபா. நான்குக்கு: இரண்டு வந்தால் சீட்டுக் காசான 100 ரூபா திரும்பும், மூன்று வந்தால் 500, நான்கும் வந்தால் 4,000. ஆறுக்கு: மூன்று வந்தால் 100, நான்கு வந்தால் 500, ஐந்து வந்தால் 5,000, ஆறும் வந்தால் ஓர் இலட்சம். சராசரி முறையே 55 ரூபா 50 சதம், 55 ரூபா 14 சதம், 55 ரூபா 63 சதம். கழகத்தின் பொருளாளர் இந்த மூன்று எண்களையும் பார்த்துவிட்டு, "அப்ப எதை வைச்சாலும் ஒண்டுதானே, அண்ணை?" என்று கேட்டார். சராசரியைப் பொறுத்தவரை ஒன்றுதான். விழா இரவு மேசையில் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று வேறு விளையாட்டுகள்.

இரவு முழுவதும் பத்துக் குலுக்கல்கள், குலுக்கலுக்கு நூறு சீட்டு, மொத்த வரவு ஓர் இலட்சம் ரூபா என்று கொள்வோம்.

ஆறு இலக்க விளையாட்டில், ஆயிரம் சீட்டுகளுக்குச் சராசரியாக 130 பேர் சீட்டுக் காசைத் திரும்பப் பெறுவர். 28 அல்லது 29 பேர் 500 பெறுவர். மூன்று பேர் 5,000 பெறுவர். இவற்றுக்குப் போவது ஏறத்தாழ 42,700 ரூபா. ஓர் இலட்சத்தை வெல்பவர் சராசரியாக 0.13 பேர். அரை மனிதர்கூட இல்லாத இந்தச் சராசரியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆயிரம் சீட்டுகளில் ஒருவராவது ஆறையும் பிடிக்கும் நிகழ்தகவு சுமார் 12 சதவீதம், அதாவது எட்டில் ஒன்று. எட்டில் ஏழு தடவை கழகத்தின் கையில் சராசரியாக 57,000 ரூபாவுக்கு மேல் மிஞ்சும். எஞ்சிய ஒரு தடவை சராசரியாக 42,000 ரூபாவுக்கு மேல் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் சீட்டு விற்கும் ஒரு தேசிய லொத்தருக்கு இது பொருட்டே அல்ல; அங்கே நல்ல இரவும் கெட்ட இரவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரே இரவு நடத்தும் கழகத்துக்கு ஈடுசெய்ய அடுத்த இரவு கிடையாது. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் மறுநாள் காலையில் காசு கொடுத்தாக வேண்டும்.

தொகை சராசரியிலிருந்து வழமையாக எவ்வளவு விலகும் என்பதன் அளவான நியம விலகலைக் கொண்டு சொன்னால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மூன்று இலக்க, நான்கு இலக்க விளையாட்டுகளில் இரவின் மொத்தப் பரிசுத் தொகையின் நியம விலகல் ஏறத்தாழ 7,600 ரூபா. ஆறு இலக்கத்தில் 37,000 ரூபா. சராசரி ஒன்றாக இருந்தும் ஏற்ற இறக்கம் ஐந்து மடங்கு. பெரிய பரிசு இல்லாவிட்டால் சனம் வராது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பரிசை முழுதாகப் பொறுப்பேற்கும் நன்கொடையாளர் ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஆறு இலக்கத்தைப் பேசலாம். "வராது, பாத்துக்கொள்ளலாம்" என்பது எட்டில் ஒன்றுக்கு ஏற்ற பதில் அல்ல.

ஆக, போட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான். இங்கே நிறுத்து நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

வெறுங்கையோடு திரும்புபவர் எத்தனை பேர் என்று கேட்டால் நான்கு முந்துகிறது. நான்கு இலக்கத்தில் நூறு சீட்டுக்கு ஏறத்தாழ 26 சீட்டுக்கு ஏதாவது கிடைக்கும். மூன்று இலக்கத்தில் 15 சீட்டுக்கே கிடைக்கும். உவர்மலையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, ஐந்து குலுக்கல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வாங்குகிறது என்று கொள்ளுங்கள். மூன்று இலக்க விளையாட்டில் ஐந்திலும் ஒன்றும் கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 44 சதவீதம். நான்கு இலக்கத்தில் அது 22 சதவீதம், சரிபாதி.

ஆனால் "கிடைத்தது" என்று இங்கே சொல்வதில் ஒரு சிறு ஏமாற்று இருக்கிறது. நான்கு இலக்கத்தில் அந்த 26 பேரில் 21 பேருக்குக் கிடைப்பது அவர்கள் கொடுத்த நூறு ரூபாதான். கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பெறுபவர்களை மட்டும் எண்ணினால், மூன்று இலக்கத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேர், நான்கு இலக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இந்த அளவுகோலில் மூன்று இலக்கம் மும்மடங்கு நல்லது. காசு திரும்பப் பெற்றவர் பெரும்பாலும் அதே நூறு ரூபாவை அடுத்த குலுக்கலுக்குக் கொடுத்துவிடுவார் என்பதால், நான்கு இலக்கம் மேசையைச் சுற்றிக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். நடத்துபவருக்கு அது நல்லது, விளையாடுபவருக்கு நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதுவரையான கணக்கெல்லாம் ஒவ்வொரு சீட்டும் தன்பாட்டில் இயங்குகிறது என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. உண்மையில் நூறு சீட்டுகளுக்கும் ஒரே குலுக்கல்தான். ஆட்கள் தாங்களே இலக்கங்களைத் தெரிவார்களானால் ஒரே இலக்கங்களின்மேல் பலர் குவிவர். பிறந்த திகதி என்பதால் 1 முதல் 31 வரையான இலக்கங்கள் அதிகம் எழுதப்படும். திருகோணமலையின் தொலைபேசிக் குறியீடான 26ஐயும் சிலர் விடமாட்டார்கள். விளையாட்டுக் கழகம் என்பதால் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: 7, 10, 18. தோனி, டெண்டுல்கர், கோலி ஆகியோரின் சட்டை இலக்கங்கள்.

மூன்று இலக்க விளையாட்டில் ஒரு குலுக்கலுக்கு வாங்கிய நூறு சீட்டுகளில் பன்னிரண்டில் இந்த 7, 10, 18 எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் வந்தால் பன்னிரண்டு பேரும் 2,000 ரூபா கேட்டு வரிசையில் நிற்பர்: 24,000 ரூபா. அந்தக் குலுக்கலின் மொத்த வரவோ 10,000 ரூபா. 72இல் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது, ஏனெனில் பத்துக் குலுக்கல்களிலும் அதே பன்னிரண்டு பேர் அதே இலக்கங்களை எழுதினால், ஒரு தடவையாவது மூன்றும் வரும் நிகழ்தகவு 13 சதவீதமாகிவிடும். ஆறு இலக்கத்தில் எட்டில் ஒன்று என்று அஞ்சிய அதே அளவு ஆபத்து, தொகை சிறிதானாலும், பின்வாசலால் நுழைந்துவிட்டது. சராசரி 55 ரூபா 50 சதத்திலிருந்து அசையவில்லை. அசைந்தது ஏற்ற இறக்கம் மட்டுமே. சராசரியை மட்டும் பார்க்கும் கணக்குப் புத்தகத்தில் இது தெரியவே தெரியாது.

நான்கு இலக்கத்தில் இந்தக் குவிப்பு தானாகவே கொஞ்சம் கலைகிறது. மூன்று வீரர்களை எழுதியவர் நான்காவதாகத் தன் பிறந்த நாளையோ வீட்டு இலக்கத்தையோ எழுதுவார். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். 7, 10, 18 மூன்றும் வந்தால் பன்னிரண்டு பேருக்கும் 500 வீதம் 6,000 ரூபா போகும். அவர்களில் சராசரியாக இரண்டு, மூன்று பேருக்கு நான்காவதும் பொருந்தி 4,000ஆக உயரலாம். அப்படி மூன்று பேருக்குப் பொருந்தினால் அந்தப் பன்னிரண்டு பேருக்குமாக 16,500 ரூபா. வலிக்கும், ஆனால் 24,000 அல்ல. வழமையான இரவிலும் நான்கு இலக்கம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. 4,000 ரூபாவை வெல்பவர் சராசரியாக மூன்று பேர். ஏழு பேர் வென்றுவிட்டாலும், மற்றப் பரிசுகள் வழமைபோல் போனால், கழகத்தின் கையில் ஏறத்தாழ 29,000 ரூபா மிஞ்சும்.

குவிப்பை முற்றாக நீக்க ஒரு வழி உண்டு. இலக்கங்களை ஆட்கள் தெரிவு செய்யாமல், கணினியால் எழுந்தமானமாகத் தெரிவு செய்து அச்சிட்ட சீட்டுகளை விற்பது. அப்போது எந்த இருபது பந்துகள் வந்தாலும் ஒவ்வொரு சீட்டின் நிகழ்தகவும் மேலே சொன்னதேதான். சீட்டுகள் ஒன்றையொன்று சாராதவையாகிவிடும், 7,600 ரூபா என்ற நியம விலகலும் எழுத்துக்கு எழுத்து உண்மையாகும். இப்படிச் செய்வதானால் நான் மூன்று இலக்கத்தையே தெரிவேன்: உண்மையாக வெல்பவர் மும்மடங்கு, சரிபார்ப்பதும் இலகு. ஆட்கள் தாங்களே இலக்கம் எழுதும் விளையாட்டானால் நான்கு. என் பரிந்துரை இவ்வாறு இரண்டாகப் பிரிவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் தீர்மானிக்க வேண்டிய முதற்கேள்வி "எத்தனை இலக்கம்" என்பதல்ல, "யார் இலக்கத்தைத் தெரிவது" என்பதே. கழகத்தினர் பேசியதைக் கேட்டவரையில், தன் கையால் தன் இலக்கத்தை எழுதுவதுதான் சனத்துக்குப் பிடித்த பகுதி. ஆகவே அவர்களுக்கு நான்கு என்று சொல்கிறேன், ஒரே நான்கு இலக்கங்களை ஒரு குலுக்கலில் மூன்று சீட்டுக்கு மேல் ஏற்பதில்லை என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையைக் கடைப்பிடிக்கச் சீட்டு எழுதும் மேசையில் காபன் தாள் வைத்த புத்தகம் வேண்டும். மேற்பிரதி வாங்கியவருக்கு, கீழ்ப்பிரதி மேசைக்கு. குலுக்கல் தொடங்குமுன் கீழ்ப்பிரதிகள் எல்லாம் உறையிலிட்டு ஒட்டப்பட வேண்டும். இது இல்லாவிட்டால், 16 என்று எழுதிய சீட்டு 18ஆக மாறி வரும்; நான்கு இலக்கத்தில் ஒரு கோடு இழுப்பதன் பெறுமதி 3,500 ரூபா.

பந்துகளைப் பொறுத்தவரை, மேசைப்பந்தாட்டப் பந்துகளில் அழியாத மையால் எழுதினால் போதும். ஆனால் எண்பதும் ஒரே பெட்டியில் ஒரே தடவையில் வாங்கியவையாக இருக்க வேண்டும். பழைய பந்துகளோடு புதியவற்றைக் கலந்தால் பைக்குள் கைவிடுபவருக்குச் சொரசொரப்பு வித்தியாசம் தெரிந்துவிடும். காற்றால் பந்தை மேலெழுப்பும் கண்ணாடிப் பெட்டி பார்க்க அழகுதான். கச்சான் காற்று வீசும் மாதத்தில் திறந்த மைதானத்தில் மூடி சற்று விலகினாலே மேசைப்பந்து பறந்துவிடும். தடித்த துணிப்பை உத்தமம். எடுத்த பந்துகளை எட்டு வரிசை, வரிசைக்குப் பத்துக் குழி கொண்ட பலகையில் உரிய குழியில் வைக்க வேண்டும். அடுத்த குலுக்கலுக்கு முன் எண்பது குழிகளும் நிரம்புகின்றனவா என்று கூட்டத்தின் முன் காட்டிவிட்டுப் பைக்குள் போட வேண்டும். பந்தொன்று மேசைக்குக் கீழே உருண்டு கிடந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எப்படி நடத்தினாலும் இரவின் முடிவில் யாராவது ஒருவர் வந்து, "என்ரை இலக்கம் பத்துக் குலுக்கலிலும் வரேல்லை, பைக்குள்ளை அந்தப் பந்தே இல்லை" என்று சொல்வார். பலகையில் பந்தைக் காட்டலாம், கணக்கையும் காட்டலாம். குறித்த ஓர் இலக்கம் பத்துக் குலுக்கல்களிலும் வராமல் போகும் நிகழ்தகவு 5.6 சதவீதம். எண்பது இலக்கங்கள் இருப்பதால், சராசரியாக நான்கைந்து இலக்கங்கள் இரவு முழுவதும் வெளியே தலைகாட்டவே மாட்டா. ஒன்றிரண்டு இலக்கங்கள் ஆறு தடவையோ அதற்கு மேலோ வந்திருக்கும். இவை இரண்டுமே நேர்மையான பையின் இயல்பு. மாறாக, எண்பது இலக்கங்களும் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று தடவை வீதம் ஒழுங்காக வந்திருந்தால்தான் நான் பைக்குள் கைவிட்டவரைச் சற்று உற்றுப் பார்ப்பேன்.